வைவாவை எடுத்துவிட்டால் அந்த 5 மார்க்கில் மிச்சம் என்ன? சமூக அறிவியல் சுற்றறிக்கை குறித்துப் பள்ளி முதல்வருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பள்ளி முதல்வர் அம்மா அவர்களுக்கு,

வணக்கம். பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் அகமதிப்பீட்டில் இந்த ஆண்டு முதல் செய்யப்போகும் மாற்றங்கள் என்று தாங்கள் அனுப்பிய சுற்றறிக்கையைப் படித்தோம். சேலத்திலும் ஏற்காட்டிலும் இந்தப் பாடத்தை நடத்துகிறவர்கள், நடத்தி ஓய்வுபெற்றவர்கள் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். எங்களில் சிலருடைய பிள்ளைகள் தங்கள் பள்ளியில்தான் படிக்கிறார்கள். வேறு பள்ளிகளிலும் இதே மாதிரியான மாற்றங்கள் பேச்சில் இருப்பதால் மடலைப் பொதுவில் வைக்கிறோம்.

முதலில், சுற்றறிக்கையில் எங்களுக்குப் பிடித்தது. புராஜெக்ட் ஒப்படைக்கும் தேதியை நவம்பருக்கு முன்தள்ளியிருக்கிறீர்கள். ஜனவரியில் ரிவிஷன் தேர்வுகளுக்கு நடுவே ஒரே நாளில் 40 ஃபைலைப் புரட்டி மார்க் போடும் வழக்கம் இதனால் ஒழியும். அதை மாற்றாதீர்கள்.

மற்ற மூன்று மாற்றங்கள்தான் இடிக்கின்றன. ஒன்று, ரோல் நம்பர் வரிசையில் ஆறு ஆறு பேராகக் குழு பிரித்து, குழுவுக்கு ஒரே மார்க். இரண்டு, வைவா என்ற வாய்மொழித் தேர்வு கிடையாது. அந்த 1 மார்க் ‘வழங்கும் விதம்’ என்ற தலைப்பில் சேரும். 20 பக்கம், கலர் பிரிண்ட், ஸ்பைரல் பைண்டிங். மூன்று, பீரியாடிக் டெஸ்ட் மூன்றுக்கும் சராசரி, ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியாக முழு எண்ணாக்கிப் பிறகு கூட்டுவது.

இரண்டாவதில்தான் விஷயம் இருக்கிறது. அதனால் அதை விரிவாகச் சொல்கிறோம்.

எழுத்துத் தேர்வு 80, அகமதிப்பீடு 20 என்பதும், அந்த 20 நான்கு ஐந்துகளாகப் பிரிகிறது என்பதும் தாங்கள் அறிந்ததே. பீரியாடிக் டெஸ்ட் 5, பல்வகை மதிப்பீடு 5, போர்ட்ஃபோலியோ 5, பாட வளமூட்டும் செயல்பாடு 5. கடைசி ஐந்துதான் புராஜெக்ட். நுகர்வோர் விழிப்புணர்வு, சமூகப் பிரச்சினைகள், நீடித்த வளர்ச்சி ஆகிய மூன்றில் ஒன்றை எடுத்துச் செய்ய வேண்டும். அந்த 5 மார்க்கை சி.பி.எஸ்.இ. பாடத்திட்டமே பிரித்துக் கொடுத்திருக்கிறது: உள்ளடக்கத்தின் சரித்தன்மை, சொந்த முயற்சி, ஆய்வு ஆகியவற்றுக்கு 2, வழங்கும் விதத்துக்கும் படைப்புத்திறனுக்கும் 2, வைவாவுக்கு 1. தங்கள் சுற்றறிக்கைப்படி இது 2, 3, 0 ஆகிறது. பள்ளி வைத்திருக்க வேண்டிய ஆவணங்களில் வைவாவில் கேட்ட கேள்விகளின் பட்டியலும் ஒன்று என்று அதே வழிகாட்டுதல் சொல்கிறது. தேர்வு முடிவு வந்து மூன்று மாதம் வரை புராஜெக்ட் ஆவணங்கள் பள்ளியில் இருக்க வேண்டும். யாராவது வந்து அந்தப் பட்டியலைக் கேட்டால் துறைத் தலைவர் எதை எடுத்துக் காட்டுவார்?

விதியை மட்டும் காட்டி வாதாட நாங்கள் வரவில்லை. வைவா இல்லாவிட்டால் அந்தப் புராஜெக்ட்டுக்கு மார்க் போடவே முடியாது என்பதுதான் எங்கள் கட்சி. நுகர்வோர் விழிப்புணர்வில் ஒரு வேலையை எடுத்து முழுதாகப் பார்த்தால் இது விளங்கும்.

சேலத்துப் பிள்ளைகளுக்கு ஜவ்வரிசியைவிடக் கைக்கெட்டிய பொருள் இல்லை. ஐந்து பேர் கொண்ட குழு. ஐந்து வீட்டிலும் அந்த மாதம் ஒரே கம்பெனியின் அரைக் கிலோ ஜவ்வரிசிப் பொட்டலம் ஒன்று வாங்குகிறார்கள். செவ்வாய்ப்பேட்டையில் ஒன்று, ஐந்து ரோட்டில் ஒன்று, அம்மாப்பேட்டையில் ஒன்று என்று கடை மாறலாம்; ஆனால் பேட்ச் எண் ஒன்றாக இருப்பது நல்லது, இல்லையென்றால் எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்பதே குழம்பிவிடும். முதல் வேலை மேலட்டையைப் படிப்பது: தயாரித்தவர் அல்லது பொட்டலம் கட்டியவரின் பெயர், முகவரி, பொருளின் பெயர், நிகர எடை, மாதம், ஆண்டு, எல்லா வரியும் சேர்ந்த அதிகபட்ச சில்லறை விலை, புகார் சொல்லத் தொடர்பு விவரம். இதெல்லாம் அச்சிட்டிருக்கிறதா, படிக்கிற அளவில் இருக்கிறதா என்று ஒவ்வொருவரும் தன் தாளில் தன் கையால் குறிக்க வேண்டும்.

அடுத்தது எடை. எல்லாப் பொட்டலத்தையும் ஒரே வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரே டிஜிட்டல் சமையல் தராசில் நிறுக்கிறார்கள். உறையோடு 503, 500, 505, 498, 502 கிராம் என்று வருகிறது. அச்சிட்டிருப்பது நிகர எடை, அதில் உறை சேராது. ஒரு பொட்டலத்தைப் பிரித்துக் கொட்டி, உறையை மட்டும் நிறுத்தால் 6 கிராம். கழித்தால் 497, 494, 499, 492, 496. சராசரி 495.6 கிராம். பிரித்த ஜவ்வரிசி பாயசத்துக்குப் போகட்டும்.

இந்த இடத்தில்தான் முக்கால்வாசிக் குழு ‘கம்பெனி ஏமாற்றுகிறது’ என்று சிவப்பு ஸ்கெட்ச் பேனாவில் எழுதி முடித்துவிடும். அதில் இரண்டு தவறு இருக்கிறது.

முதலாவது, தனிப் பொட்டலம் ஒவ்வொன்றும் கிராம் சுத்தமாக 500 இருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. பொட்டலப் பொருட்களுக்கான எடையளவு விதிகள் அரைக் கிலோவுக்கு 15 கிராம் வரை கூடுதல் குறைச்சலுக்கு இடம் தருகின்றன. இருப்பதிலேயே குறைந்த 492 கிராம் பொட்டலத்திலும் குறை 8 கிராம்தான். ஆனால் தொகுப்பின் சராசரி அச்சிட்ட எடைக்குக் கீழே போகக் கூடாது என்பதும் அதே விதிதான். எனவே தனித்தனியாகப் பார்த்தால் ஐந்தும் தேறுகின்றன, சேர்த்துப் பார்த்தால் கேள்வி எழுகிறது. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இதைவிட நல்ல சிக்கல் எந்தப் பாடப்புத்தகத்திலும் கிடைக்காது.

இரண்டாவது தவறு தராசு. அது சரியாகக் காட்டுகிறதா என்று யாரும் பார்க்கவில்லை. பார்ப்பதற்கு வழி சுலபம். தெருமுனை மளிகைக் கடையில் முத்திரை குத்திய 500 கிராம் எடைக்கல் இருந்தால், சமையல் தராசைக் கடைக்கே எடுத்துப்போய் அந்தக் கல்லை அதன்மேல் வைக்கச் சொல்லிப் பார்த்தால் போதும். தராசு 496 காட்டியது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அரைக் கிலோ அளவில் அது 4 கிராம் குறைத்துக் காட்டுகிறது. உறையின் 6 கிராமில் அந்தப் பிழை பெரிதாகத் தெரியாது. ஆகவே ஒவ்வொரு நிகர எடையிலும் 4 கூட்ட வேண்டும். சராசரி 499.6 ஆகிவிடுகிறது. சிவப்பு மையில் எழுதிய குற்றச்சாட்டு அப்படியே காற்றில் போய்விட்டது. ஒரு கிராமுக்கு ஒரு கிராம் தாவும் தராசில் 0.4 கிராமை வைத்துக்கொண்டு யாரையும் எதுவும் சொல்ல முடியாது.

இதில் சேர்க்க வேண்டியது இன்னும் ஒன்று. ஐந்து பொட்டலத்தை வீட்டில் நிறுப்பது சட்டப்படியான சோதனை ஆகாது. அதைச் செய்யும் அதிகாரம் தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் அமலாக்கப் பிரிவுக்கு இருக்கிறது. எண்கள் உண்மையிலேயே மோசமாக வந்தால் பிள்ளைகள் செய்யக்கூடியது புகார் எழுதுவதுதான். கம்பெனி பெயரைப் போட்டு ஃபைலில் தீர்ப்பு எழுதுவது அல்ல. எங்கே நிறுத்திக்கொள்வது என்று தெரிவதும் உள்ளடக்கத்துக்கான அந்த 2 மார்க்கில் அடக்கம்.

சரி, இந்த வேலையைச் செய்த குழுவின் ஃபைலும், செய்யாத குழுவின் ஃபைலும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. இரண்டும் 20 பக்கம், இரண்டும் கலர். இரண்டிலும் ஐந்து எண் கொண்ட அட்டவணை இருக்கிறது. உட்கார்ந்த இடத்தில் ஐந்து எண்ணை எழுத யாருக்கும் ஐந்து நிமிடம் போதும். தாளை மட்டும் பார்த்து எது உண்மை என்று சொல்ல எங்களால் ஆகாது, அனுபவசாலிகள் என்று பெயர் வாங்கியிருந்தும்.

கேட்டால் தெரிந்துவிடும். ‘தராசு சரி என்று எப்படித் தெரிந்துகொண்டாய்?’ ‘எந்தப் பொட்டலம் மிகக் குறைவு? அது தப்பா?’ ‘அந்தப் பொட்டலத்தை விட்டுவிட்டால் சராசரி என்னவாகும்?’ (உறை கழித்த முதல் எண்களில் 492-ஐ விட்டால் 496.5. கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டியதில்லை, கூடுமா குறையுமா என்று சொன்னாலே போதும்.) ‘உறை எடையை எப்படிக் கண்டுபிடித்தீர்கள், ஐந்தையும் பிரித்தீர்களா?’ செய்த பிள்ளை கடைசிக் கேள்விக்குச் சிரித்துக்கொண்டே பதில் சொல்லும். செய்யாத பிள்ளை தோழியின் முகத்தைப் பார்க்கும். அந்த 1 மார்க் மற்ற நான்குக்கும் காவல். அதை எடுத்து வழங்கும் விதத்தில் சேர்த்தால், கலர் பிரிண்டரை வீட்டில் வைத்திருப்பவருக்கு மார்க் போடுகிறோம் என்று அர்த்தம்.

காசு விஷயத்தையும் சொல்லிவிடுகிறோம். கலர் பிரிண்ட் பக்கம் 10 ரூபாய் என்று கணக்கு வைத்தாலும் 20 பக்கத்துக்கு 200, பைண்டிங் தனி. அதிகச் செலவில்லாமல், சுற்றுச்சூழலுக்கு ஒத்த பொருட்களை வைத்துச் செய்ய வேண்டும் என்றுதான் வழிகாட்டுதல் சொல்கிறது. ஒரு பக்கம் வெள்ளையாக இருக்கும் பழைய தாளில் கையால் எழுதி, நூல் போட்டுக் கட்டிய ஃபைல் அதற்கு முழுக்கப் பொருந்தும். 20 பக்கம் என்ற கட்டாயமும் தேவையில்லை. மேலே சொன்ன ஜவ்வரிசி வேலைக்கு ஏழெட்டுப் பக்கம் போதும்: ஐந்து பேரின் தரவுத் தாள் ஐந்து, எடை அட்டவணை ஒன்று, முடிவும் வரம்பும் இரண்டு. 20 பக்கம் என்று சொன்னால் மீதிப் பன்னிரண்டை இணையத்திலிருந்துதான் நிரப்புவார்கள்.

அப்படி நிரப்பியதைக் கண்டுபிடிக்க ஓர் அடையாளம் உண்டு. பழைய ஃபைல்கள் அண்ணன், அக்காவிடமிருந்து கைமாறி வருபவை. அவற்றில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1986 என்று இருக்கும், மாவட்ட நுகர்வோர் மன்றம் விசாரிக்கும் வழக்கின் வரம்பு 20 லட்சம் என்று இருக்கும். இப்போது நடைமுறையில் இருப்பது 2019-ஆம் ஆண்டுச் சட்டம். 2020 ஜூலையில் அமலுக்கு வந்தது. மாவட்ட ஆணையத்தின் வரம்பை முதலில் 1 கோடி என்று வைத்து, 2021 டிசம்பரில் வந்த விதிகளில் 50 லட்சமாகக் குறைத்தார்கள். பொருளுக்குக் கொடுத்த விலையை வைத்துத்தான் இந்த வரம்பைக் கணக்கிடுகிறார்கள், கேட்கும் நஷ்டஈட்டை வைத்து அல்ல. ஃபைலில் 20 லட்சத்தைப் பார்த்தால் உடனே மார்க்கைக் குறைக்க வேண்டாம். எங்கிருந்து எடுத்தாய் என்று வைவாவில் கேளுங்கள். தாத்தா வீட்டுப் பழைய புத்தகம் என்று ஒளிவில்லாமல் சொன்னால், ஆதாரத்தைக் குறிக்கத் தெரிந்த பிள்ளை அது.

கடைக்காரர்களிடமும் அக்கம்பக்கத்தாரிடமும் எடுக்கும் பேட்டியிலும் ஒரு பிழை வழக்கமாக வரும். ‘நீங்கள் எப்போதாவது ஏமாற்றப்பட்டதுண்டா?’ என்று கேட்டால் பத்துக்குப் பத்து பேரும் ஆமாம் என்பார்கள். பிறகு வட்ட வரைபடத்தில் ஒரே நிறம். ‘கடைசியாக வாங்கிய மளிகைக்குப் பில் வாங்கினீர்களா?’, ‘அச்சிட்ட விலையைப் பார்த்தீர்களா?’ என்று நடந்ததைக் கேட்டால் பதில்கள் பிரியும். கேள்வித்தாளைப் பேட்டிக்குப் போகுமுன் ஆசிரியர் ஒருமுறை பார்த்துக் கொடுத்தால் இந்தப் பிழை பாதிக்குமேல் குறையும்.

வைவாவை நிறுத்தியதற்கு நேரமின்மைதான் காரணம் என்று ஆசிரியர் கூட்டத்தில் பேச்சு வந்ததாக அறிகிறோம். அது நியாயமான கவலை. கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு செக்‌ஷனில் 40 பேர், ஆளுக்கு மூன்று நிமிடம் என்றால் 120 நிமிடம். 40 நிமிட பீரியட் மூன்று. நவம்பர் மூன்றாம் வாரத்தில் ஒரு நாளைக்கு ஒரு பீரியட் வீதம் மூன்று நாள் எடுத்தால் முடிந்துவிடும். மற்ற பிள்ளைகள் அந்த நேரத்தில் வரைபடப் பயிற்சி செய்யட்டும். இரும்பு எஃகு ஆலைகளில் குறிக்க வேண்டிய ஊர்களில் சேலமும் ஒன்று. அதைக் கொண்டுபோய்க் கோயம்புத்தூரில் குறிக்கிற பிள்ளைகள் சேலத்திலேயே இருக்கிறார்கள். அந்த மூன்று பீரியட் வீண் போகாது.

வைவாவுக்கு முன்கூட்டியே ஒவ்வொரு தலைப்புக்கும் பத்துக் கேள்வி எழுதி வைத்தால் போதும். பிள்ளைக்கு இரண்டு கேள்வி, ஒன்றுக்கு அரை மார்க். கேட்ட கேள்வியின் எண்ணைப் பெயருக்கு நேரே குறித்துக்கொண்டால், வைத்திருக்க வேண்டிய பட்டியலும் அதுவே ஆகிவிடும். தமிழில் பதில் சொன்னால் மார்க் குறைக்கக் கூடாது. கேட்பது ஆங்கிலப் பேச்சுத்திறன் அல்ல, செய்த வேலை.

குழு மார்க் பற்றி. குழுவாகச் செய்வதில் எங்களுக்கு மறுப்பு இல்லை. ஆறு பேரைவிட நான்கு, ஐந்து பேர் நல்லது. ஆறாவது ஆளுக்கு ‘கவர் டிசைன்’ தவிர வேலை கிடைப்பதில்லை. ரோல் நம்பர் வரிசையில் பிரிப்பதுதான் நடைமுறையில் உதைக்கிறது. ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வருகிற பிள்ளையையும் கொண்டலாம்பட்டியிலிருந்து வருகிற பிள்ளையையும் ஒரே குழுவில் போட்டால் இருவரும் சேர்ந்து ஒரு கடைக்குப் போவது எப்போது? சனிக்கிழமை மதியம் என்கிறது சுற்றறிக்கை. மலைப் பிள்ளை கடைசியில் வாட்ஸப்பில் எண் கேட்டு எழுதிக்கொள்வதுதான் நடக்கும். குடியிருக்கும் இடத்தை வைத்துப் பிரியுங்கள். மலைக் குழுவுக்கு ஜவ்வரிசியும் வேண்டாம். காபித்தூள் பொட்டலம் இருக்கிறது. சிக்கரி கலந்த தூளில் காபி எத்தனை சதவீதம், சிக்கரி எத்தனை சதவீதம் என்று மேலட்டையில் போட்டே ஆக வேண்டும். காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. ஏற்காட்டுக் கடைத்தெருவில் கிடைக்கும் பொட்டலங்களில் இந்த வரி எங்கே, எந்த அளவு எழுத்தில் இருக்கிறது என்று பார்த்து எழுதினாலே ஒரு புராஜெக்ட் ஆகிவிடும். கடையிலேயே அரைத்துக் காகிதப் பையில் கட்டித் தரும் தூளில் அந்த வரி இருக்காது. அங்கே கலவை விகிதத்தை வாய்விட்டுக் கேட்டு, சொன்னதை அப்படியே எழுதி, யார் சொன்னது என்றும் குறிக்க வேண்டும்.

மார்க்கை இப்படிப் பிரிக்கலாம் என்பது எங்கள் யோசனை. உள்ளடக்கம் 2-இல் 1 மார்க் அந்தப் பிள்ளையின் சொந்தத் தரவுத் தாளுக்கு: தேதி, இடம், கையெழுத்து, அடித்துத் திருத்திய இடங்கள் எல்லாம் அப்படியே இருக்க வேண்டும். மீதி 1 மார்க் ஆய்வுக்கு, அதில் அரை மார்க் ‘எங்கள் முடிவை எந்த அளவுக்கு நம்பலாம்’ என்ற பத்திக்கு. வழங்கும் விதத்துக்கான 2 மட்டும் குழுவுக்குப் பொது. வைவா 1 தனித்தனி. ஆக, ஒரே குழுவில் ஒரு பிள்ளை 4.5 வாங்கலாம், தரவுத் தாளே இல்லாத பிள்ளை 2.5 வாங்கலாம். பெற்றோர் வந்து ‘ஏன்’ என்று கேட்டால் எடுத்துக் காட்டத் தாள் இருக்கும்.

தரவுத் தாளை ஃபேர் காப்பி எடுக்கச் சொல்லாதீர்கள். தராசு எண்ணை முதலில் 489 என்று எழுதி அடித்து 498 ஆக்கிய தாள், அந்தப் பிள்ளை தராசின் முன் உட்கார்ந்திருந்தது என்பதற்குச் சாட்சி. அழகான கையெழுத்தில் ஒரே மையில் ஐந்து பேரின் தாளும் இருந்தால் அங்கேதான் சந்தேகப்பட வேண்டும்.

மூன்றாவது மாற்றம் கணக்கு. பார்க்கச் சின்னது, ஆனால் மார்க் கசியும் ஓட்டை அங்கேதான். பீரியாடிக் டெஸ்ட் மூன்று வைத்துச் சிறந்த இரண்டின் சராசரியை எடுப்பதுதான் வாரியம் காட்டிய வழி. 40-க்கு வைத்த டெஸ்ட்டில் ஒரு பிள்ளை 31, 18, 34 எடுக்கிறது. நடுவில் காய்ச்சலாக இருந்திருக்கலாம். சிறந்த இரண்டை எடுத்தால் 5-க்கு 4.06. தங்கள் சுற்றறிக்கைப்படி மூன்றையும் எடுத்தால் 3.46.

அதன்மேல் முழு எண்ணாக்கும் விதி வருகிறது. அந்தப் பிள்ளைக்குப் பல்வகை மதிப்பீடு 4.4, போர்ட்ஃபோலியோ 3.4, புராஜெக்ட் 4 என்று இருக்கட்டும். ஒவ்வொன்றையும் தனித்தனியாக முழு எண்ணாக்கினால் 3, 4, 3, 4, கூட்டினால் 14. பக்கத்து இருக்கைப் பிள்ளைக்கு 3.5, 4.5, 3.5, 4.5. அதையும் அப்படியே ஆக்கினால் 4, 5, 4, 5, கூட்டினால் 18. உண்மையில் முதல் பிள்ளையின் கூட்டுத்தொகை 15.26, இரண்டாவது பிள்ளையுடையது 16. முக்கால் மார்க் வித்தியாசம் நாலு மார்க்காக ஊதிவிட்டது. இதில் யாருடைய தப்பும் இல்லை, அரையை நான்கு தடவை தாண்டியவருக்கும் தாண்டாதவருக்கும் நடுவே விதி செய்த வேலை.

தசமத்தைக் கடைசிவரை வைத்திருந்து, நான்கையும் கூட்டிய பிறகு ஒரே ஒருமுறை முழு எண்ணாக்கினால் தீர்ந்தது. சிறந்த இரண்டு டெஸ்ட்டையும் எடுத்தால் முதல் பிள்ளைக்கு 4.06, 4.4, 3.4, 4 சேர்ந்து 15.86, அதாவது 16. பக்கத்து இருக்கைக்கும் 16. எக்செலில் ஒரு பத்தி கூடும், அவ்வளவுதான்:

```
=ROUND(B2+C2+D2+E2,0)
```

மார்க்கை வாரியத் தளத்தில் ஏற்றிய பிறகு திருத்த வழியில்லை என்பது தங்களுக்குத் தெரியும். அதனால் ஏற்றுவதற்கு ஒரு வாரம் முன்பே நான்கு பகுதி மார்க்கையும் தசமத்தோடு பிள்ளைகளுக்குக் காட்டிக் கையெழுத்து வாங்கச் சொல்லுங்கள். கூட்டல் பிழைகளை முதலில் கண்டுபிடிப்பவர்கள் அவர்கள்தான்.

போர்ட்ஃபோலியோ பற்றிச் சுற்றறிக்கையில் இருப்பது கடையில் வாங்கிய ஃபோல்டர் வேண்டும் என்ற ஒரு வரி. அதை எடுத்துவிட்டு, வகுப்பு வேலையில் மூன்றும் திருத்தப்பட்ட வரைபடம் இரண்டும் தேதியோடு இருந்தால் போதும் என்று போட்டால் நல்லது.

தாங்கள் மாற்றிய சுற்றறிக்கை ஒன்றை ஆகஸ்ட் முடிவதற்குள் அனுப்பினால், குழு பிரித்து, கேள்வித்தாள் பார்த்து, பொட்டலம் வாங்க அக்டோபர் வரை நேரம் இருக்கும். ஆயுத பூஜை விடுமுறையில் பிள்ளைகள் கடைகளுக்குப் போக வேண்டாம் என்று அதில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். பொரியும் வாழையும் விற்கிற அந்த வாரத்தில் எந்தக் கடைக்காரரும் நின்று பதில் சொல்ல மாட்டார். ஜவ்வரிசிக்கும் காபித்தூளுக்கும் சேர்த்து இருபது வைவா கேள்விகள் எழுதி வைத்திருக்கிறோம், மாதிரித் தரவுத் தாளும் இருக்கிறது. துறை ஆசிரியர்கள் கேட்டால் கொண்டுவந்து தருகிறோம்.

இப்படிக்கு,
சேலம், ஏற்காடு சமூக அறிவியல் ஆசிரியர்கள் சிலர்